எத்தனாலின் பிராணவாயு

கொச்சியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் புறப்பட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டில் புகுந்து, இருகூரில் ஒரு கிளையை இறக்கிவிட்டுக் கரூர் வரை செல்லும் நிலத்தடிக் குழாயொன்று, இவ்வட்டாரத்து வண்டிகளுக்கு வேண்டிய பெட்ரோலையும் டீசலையும் இரவும் பகலும் சுமந்து வருகிறது. ஆயினும், இருகூருக்குச் சில மைல் தொலைவிலுள்ள போத்தனூரில், ரயில்வே சந்திப்பை ஒட்டிய ஒரு பங்கில் வண்டியை நிறுத்தி நாம் நிரப்பிக்கொள்ளும் திரவம், குழாயில் வந்த திரவம் முழுமையும் அன்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடித்தெடுத்த எத்தனால் ஆகும். அந்த எத்தனால் குழாயில் வருவதில்லை. வடிசாலைகளிலிருந்து தனியே டேங்கர் லாரிகளில் ஏறி வந்து, எண்ணெய்க் கிடங்கில், பங்குகளுக்குப் புறப்படும் வண்டிகளில் பெட்ரோலை ஏற்றுகிற கட்டத்தில்தான் அதனோடு கலக்கப்படுகிறது.

கலவையைக் கொச்சியிலேயே தயாரித்துக் குழாயில் அனுப்பிவிட்டால் லாரிச் செலவும் உழைப்பும் மிச்சமாகுமே, அவ்வாறு ஏன் செய்வதில்லை என்று கேட்கத் தோன்றும். நீண்ட குழாய்களிலும் பெரிய தொட்டிகளிலும் எங்கேனும் சிறிது நீர் தேங்கி நிற்பது இயற்கை. பெட்ரோல் அந்த நீரின்மேல் ஒட்டாமல் நழுவிப் போய்விடும், எத்தனாலோ அதைக் கண்ட இடத்திலேயே தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். இந்த ஒரு சுபாவத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிச் சென்றால், கலப்புப் பெட்ரோலால் மைலேஜ் குறைவது, பழைய வண்டிகளின் ரப்பர் கெடுவது, புகையில் நச்சு வாயு தணிவது ஆகிய யாவற்றிற்கும் அதுவே வேராக இருக்கக் காண்கிறோம். அவ்வேர், எத்தனால் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இருக்கும் ஒரே ஒரு பிராணவாயு அணு.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று; கரியணுக்களும் ஜலவாயு அணுக்களும் மட்டுமே கோத்த பல நூறு வகைச் சங்கிலிகளும் வளையங்களும் கூடிய கலவை. எத்தனாலில் 2 கரியணுக்கள், 6 ஜலவாயு அணுக்கள், இவற்றோடு ஒரு பிராணவாயு அணு. எண்ணிக்கையில் ஒன்றே ஆயினும் எடையில் அது அற்பமன்று. எத்தனாலின் எடையில் ஏறத்தாழ 35 சதவீதம் அந்தப் பிராணவாயுவே.

இந்தியாவில் இக்கலப்பு நேற்றுத் தோன்றியதன்று. பெட்ரோலோடு சாராயத்தைக் கலப்பதற்கென்றே 1948-ல் ஒரு மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 2001-ல் மஹாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சோதனை நடத்தி, 2003-ல் தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பைத் தொடங்கினார்கள். 2022 ஜூனில் நாட்டின் சராசரி 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்து, இரண்டே ஆண்டுகளில் அதுவே நாடெங்கும் பொதுப் பெட்ரோலாயிற்று. 5-லிருந்து 10-க்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 10-லிருந்து 20-க்கு வர மூன்றே ஆண்டுகள் போதுமாயின. நேற்றைய பெட்ரோலுக்கென்று செய்த வண்டிகள் இன்றைய பெட்ரோலில் ஓட நேர்ந்திருப்பது இந்த வேகத்தின் விளைவு.

வெப்பக் கணக்கு

எரிதல் என்பது கரியும் ஜலவாயுவும் பிராணவாயுவோடு சேருதலே. பெட்ரோலின் அணுக்கள் இன்னும் பிராணவாயுவைத் தீண்டாதவை. ஆதலால் அவை சேரும்போது வெளிப்பட வேண்டிய உஷ்ணம் முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது. எத்தனாலோ தனக்கு வேண்டிய பிராணவாயுவில் ஒரு பகுதியை முன்னரே ஏற்றுக்கொண்டுவிட்டது. அடுப்பில் ஒருமுறை பாதி எரிந்து அணைந்த விறகுக் கட்டை மறுநாள் முழு விறகின் உஷ்ணத்தைத் தராதது போலவே, எத்தனாலும் பெட்ரோலின் உஷ்ணத்தைத் தர இயலாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைப்பது சுமார் 21 மெகாஜூல் மட்டுமே. அஃதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இனி, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த ஒரு லிட்டரில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். பெட்ரோலின் பங்கு 0.8 லிட்டர், அதன் வெப்பம் 25.6 மெகாஜூல். எத்தனாலின் பங்கு 0.2 லிட்டர், அதன் வெப்பம் 4.2 மெகாஜூல். இரண்டும் சேர்ந்து 29.8. தூய பெட்ரோலின் 32 மெகாஜூலோடு ஒப்பிட, 100-க்குச் சற்றேறக்குறைய 7 பங்கு குறைகிறது. பத்து சதவீதக் கலவையை இவ்வாறே கணக்கிட்டால் 30.9 மெகாஜூல் வரும். அதில் குறைவு 3.5 சதவீத அளவே.

போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவரின் ஸ்கூட்டர், தூய பெட்ரோலில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடியதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு அது செலவிட்ட வெப்பம் 0.64 மெகாஜூல். யந்திரத்தின் திறன் மாறவில்லையென்றால், 10 சதவீதக் கலவையில் அதே வண்டி 48 கிலோமீட்டருக்குச் சற்று மேலும், 20 சதவீதக் கலவையில் ஏறத்தாழ 46.6 கிலோமீட்டரும் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 20 லிட்டர் போதுமாயிருந்த இடத்தில் இப்போது 21.5 லிட்டர் வேண்டும். நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், 20 சதவீதக் கலவையால், தூய பெட்ரோலுக்கென வடிவமைத்துப் பத்து சதவீதக் கலவைக்கு ஒழுங்குபடுத்திய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அவ்வாறான இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் இழப்பு நேரும் என்றும், 10 சதவீதக் கலவைக்கென வடிவமைத்து 20-க்கு ஒழுங்குபடுத்திய கார்களில் அது 1 அல்லது 2 சதவீதமே என்றும் மதிப்பிட்டிருக்கிறது.

இக்கணக்கு இரண்டு வகைத் தவறான எண்ணங்களையும் ஒருங்கே திருத்துகிறது. கலப்பினால் மைலேஜ் சிறிதும் குறையாது என்று சொல்வது பௌதிக விதிக்கு முரணானது. கலப்பு வந்த பிறகு தம் வண்டி முன்பு ஓடியதில் முக்கால் பங்குதான் ஓடுகிறது என்று வருந்துகிறவரோ, எரிபொருளின் வெப்பக் குறைவு மட்டும் அதற்குக் காரணமாயிருக்க முடியாது என்று உணர்ந்து, வேறு கோளாறைத் தேட வேண்டும். டயரில் காற்றுக் குறைவு, பிடித்துக்கொண்ட பிரேக், அடைத்த காற்று வடிகட்டி ஆகியவை வழக்கமான காரணங்கள். கலவையின் காற்று விகிதம் கெட்டு யந்திரம் சரியாக எரிக்காமற் போவது மற்றொன்று. டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஓட்டி, மீண்டும் அதே விளிம்பு வரை நிரப்பிக் கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து, பலமுறை சராசரி கண்ட பிறகே எதையும் முடிவு செய்தல் நலம். ஒருமுறை நிரப்பிப் பார்க்கும் கணக்கில் இந்த 7 சதவீதத்தைவிடப் பெரிய பிழை எளிதில் நுழைந்துவிடும்.

இழந்த வெப்பத்தில் ஒரு பகுதியை மீட்கவும் வழியுண்டு. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108. நம் சாதாரணப் பெட்ரோலின் எண் 91. ஆக்டேன் எண் உயர்ந்த எரிபொருள், மிகுதியாக அழுத்தப்பட்டாலும் தானே வெடித்துத் தட்டும் ஓசையை எழுப்பாது. மேலும், எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிச் சிலிண்டருக்குள் புகும் காற்றைக் குளிர்விக்கிறது. ஆகவே அழுத்த விகிதத்தை உயர்த்தி, பொறி பாயும் நேரத்தை முன்தள்ளி யந்திரத்தை அமைத்தால், ஒவ்வொரு மெகாஜூலிலிருந்தும் சற்று அதிக வேலையைப் பெறலாம். ஆனால் இந்த ஆதாயம் அதற்கென்றே அமைந்த யந்திரத்துக்கு மட்டுமே உரியது. அழுத்த விகிதம் வார்ப்பிலேயே நிலைத்துவிட்ட ஒரு பழைய வண்டி, உயர்ந்த ஆக்டேனைப் பெற்றும் அதைப் பயன்படுத்த வகையறியாமல் நஷ்டத்தை மட்டுமே ஏற்கிறது.

காற்றுக் கணக்கு

தன் பிராணவாயுவில் ஒரு பகுதியைத் தானே கொண்டுவருகிற எரிபொருளுக்கு வெளிக்காற்று குறைவாகவே வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முற்றாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு அது 13.5 ஆகிறது. எனவே, பெட்ரோலுக்கென்று அளவிட்ட காற்றை அப்படியே அனுப்பும் யந்திரத்தில், எரிபொருளின் தேவையைவிடச் சுமார் 8 சதவீதம் மிகுதியான காற்று சேர்ந்துவிடுகிறது. இதைத்தான் பட்டறைகளில் ‘லீன்’ ஆகிறது என்பார்கள்.

கார்ப்பரேட்டர் பூட்டிய வண்டி இதை அறியாது. அதிலுள்ள ஜெட் ஒரு சிறு பித்தளைத் துளை. எந்தத் திரவம் வந்தாலும் அது விடும் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இதனால் எல்லாப் பழைய வண்டிகளுக்கும் தீங்கு நேரும் என்று கொள்ளலாகாது. எரிபொருள் சற்று மிகுதியாகப் போகும்படி, தேவைக்குப் பத்து சதவீதம் காற்றுக் குறைவாக வைத்துத் திருகிய ஒரு வண்டி, இக்கலவையில் சரியான விகிதத்துக்கு நெருங்கி முன்னிலும் சுத்தமாக எரியக்கூடும். மைலேஜுக்காக ஏற்கனவே காற்றை மிகுத்து, ஐந்து சதவீதம் லீனாக வைத்த வண்டியோ, இப்போது 13 சதவீதம் லீனாகித் தவிக்கிறது. ஒரே தெருவில் ஒரே மாதிரி வண்டியை வைத்திருக்கும் இருவரில் ஒருவர் குறை கூறுவதும், மற்றவர் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதும் இதனால்தான். இருவர் சொல்வதும் மெய்யே.

லீனான வண்டியை அடையாளம் காண்பது கடினமன்று. காலையில் பலமுறை உதைத்த பின்பே கிளம்பும். ஆக்ஸிலேட்டரை ஒரே நிலையில் பிடித்திருக்கும்போதும் முன்னும் பின்னும் இழுத்து விடுவதுபோல் ஓடும். வேகத்தைக் குறைக்கையில் சைலென்ஸரில் படபடவென்று வெடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காப்பித்தூள் நிறத்துக்குப் பதிலாக வெளுத்திருக்கும்.

“ஏனுங்க, காலையில கிளம்பவே மாட்டேங்குது, மேடேறுனா இழுக்கறதில்லீங்க. பெட்ரோல்ல ஏதோ கலக்கறாங்கங்கறாங்க, அதுதானுங்களா?” என்று சுமைவண்டியாகப் பழைய மொபெட்டைப் பயன்படுத்தும் ஒருவர் கேட்டால், அனுபவமுள்ள மெக்கானிக் பெரும்பாலும் இப்படித்தான் விடை சொல்வார்: “கலக்கறது நெசந்தானுங்ணா. ஆனா ஜெட்டக் கழட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லோணும்.” அந்த நிதானமே சரியான முறை. அடைப்பை நீக்கி, கலவைத் திருகைச் சிறிது ஒழுங்குபடுத்தி, அதற்கும் அடங்காவிட்டால் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கலாம். எட்டு சதவீதம் மிகுதியான எரிபொருளுக்குத் துளையின் பரப்பு எட்டு சதவீதம் வளர வேண்டும். அதற்கு விட்டம் நான்கு சதவீதம் வளர்ந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் துளைக்குப் பதிலாக 1.04 மில்லிமீட்டர், வித்தியாசம் அவ்வளவே. ஆதலால் ஊசியை விட்டுத் துளையைக் குத்திப் பெரிதாக்குவது எத்தகைய அத்துமீறல் என்பது விளங்கும்.

எரிபொருளைப் பீச்சும் முறையில் அமைந்த வண்டிகளில் இத்தொல்லை பெரும்பாலும் தானாகவே நீங்குகிறது. அவற்றின் புகைக்குழாயில் பூட்டிய ஒரு பிராணவாயு உணரி, புகையில் பிராணவாயு மிஞ்சியிருப்பதைக் கண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. அப்பெட்டி பீச்சும் நேரத்தை நீட்டி, விகிதத்தை நேர் செய்கிறது. ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தால், தூய பெட்ரோலுக்கு ஒழுங்குபடுத்திய வண்டியில் இத்திருத்தம் 7 அல்லது 8 சதவீதக் கூட்டலாகத் தெரியும். பொதுவாக 25 சதவீதம் வரை இவ்வாறு திருத்த இடமிருப்பதால், கலப்பு மட்டும் அந்த எல்லையைத் தொடாது. எச்சரிக்கை விளக்கு எரிந்து, திரையில் P0171 என்ற குறி தோன்றுமாயின், எங்கோ காற்றுக் கசிவோ, பம்பில் அழுத்தக் குறைவோ, பில்டரில் அடைப்போ இருந்து, அதனோடு எத்தனாலின் எட்டு சதவீதமும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

நீரும் ரப்பரும்

எத்தனாலின் பிராணவாயு அணு ஒரு ஜலவாயு அணுவோடு சேர்ந்து மூலக்கூறின் ஒரு முனையில் நிற்கிறது. அந்த முனை நீரின் அமைப்பையே ஒத்திருப்பதால் நீரோடு உறவு கொள்கிறது. கரியாலான மறுமுனை பெட்ரோலோடு உறவு கொள்கிறது. இரண்டு பக்கமும் உறவுடைய இத்திரவம், நீர் சிறிதாயிருக்கும் வரை அதையும் பெட்ரோலையும் சேர்த்து வைத்திருக்கும். 10 சதவீதக் கலவை, 15 பாகை வெப்பத்தில், தன் கன அளவில் ஏறத்தாழ அரை சதவீத நீரைத் தெளிவாகவே தாங்கும். பத்து லிட்டர் டேங்கில் அது 50 மில்லிலிட்டர். 20 சதவீதக் கலவை இதனினும் மிகுதியாகத் தாங்கும். தூய பெட்ரோலோ லிட்டருக்குச் சில துளிகளைக்கூட ஏற்காது.

எல்லையைத் தாண்டினால் நேர்வதுதான் கவலைக்குரியது. எத்தனால் அப்போது பெட்ரோலைக் கைவிட்டு நீரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது; நீரும் எத்தனாலும் சேர்ந்த கனமான அடுக்கு டேங்கின் அடியில் இறங்குகிறது. எரிபொருளை உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான். தூய பெட்ரோலில் 50 மில்லிலிட்டர் நீர் புகுந்தால் அடியில் 50 மில்லிலிட்டர் மட்டுமே கிடக்கும். கலவையில் பிரிவு நேர்ந்தாலோ, எத்தனாலும் உடன் இறங்குவதால் அடி அடுக்கு லிட்டர் கணக்கில் பெருகிவிடும். மேலே எஞ்சிய பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் தாழ்ந்துபோகும். வண்டி சில அடி ஓடி, இருமி, நின்றுவிட்டால், அதுவும் மழைக்கு மறுநாளோ புதிதாக எண்ணெய் நிரப்பிய சிறிது நேரத்திலோ நின்றால், இதையே முதலில் ஐயுற வேண்டும். டேங்கின் அடியிலிருந்து சிறிது திரவத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்து வைத்தால் இரண்டு அடுக்கும் அவற்றின் நடுவே கோடும் தெரியும். அந்த எண்ணெயைப் புது எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்ட முயலாமல் முற்றிலும் வெளியேற்றுவதே பரிகாரம்.

காற்றின் ஈரமே இதைச் செய்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் ஓடும் வண்டியின் மூடிய டேங்கில் காற்றின் வழியே அவ்வளவு நீர் சேர்வது அரிது. மழையில் கெட்ட மூடியின் வழியே இறங்கும் நீரும், பங்கின் நிலத்தடித் தொட்டியில் கசியும் நீருமே உண்மையான பகைவர்கள். வெப்பம் குறையக் குறையத் தாங்கும் எல்லையும் குறைவதால், போத்தனூரில் தெளிவாயிருந்த எண்ணெய், அதில் ஏற்கனவே நீர் எல்லைக்கருகில் இருந்திருக்குமானால், உதகையின் இரவுக் குளிரில் பிரிந்து நிற்கவும் கூடும்.

எத்தனாலின் இதே நீராசையைக் கொண்டு, ஓர் எரிபொருளில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காணலாம். 100 மில்லிலிட்டர் அளவுக் கண்ணாடிக் குடுவையில் 20 மில்லிலிட்டர் நீரும் 80 மில்லிலிட்டர் எரிபொருளும் ஊற்றி, மூடிக் குலுக்கி, ஓய விட்டால், அடியிலுள்ள நீர் வளர்ந்திருக்கும். எரிபொருளில் 20 சதவீத எத்தனால் இருந்தால் அதன் அளவு 16 மில்லிலிட்டர். ஆகவே அடி அடுக்கு 20-லிருந்து 36-க்கு அருகே உயரும். நீரும் எத்தனாலும் சேர்கையில் கன அளவு சற்றுச் சுருங்குவதாலும், மிகச் சிறிது எத்தனால் மேலடுக்கில் தங்கிவிடுவதாலும், கோடு 36-க்குச் சற்றுக் கீழேயே நிற்கும். தீயும் பொறியும் இல்லாத திறந்த வெளியிலன்றி இப்பரிசோதனையைச் செய்யலாகாது.

ரப்பருக்கு நேரும் கேடும் மூலக்கூறின் அதே முனையால் வருவதுதான். பெட்ரோலைத் தாங்குமாறு செய்த பழைய ரப்பர் வகைகள் சிலவற்றுள் எத்தனால் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. பின்னர் உலர்கையில் அவை இறுகி வெடிக்கின்றன. கார்ப்பரேட்டரின் மிதவை ஊசியின் ரப்பர் நுனி வீங்கினால், ஊசி சரியாக அடைக்காமல் இரவெல்லாம் எண்ணெய் கசியும். காலையில் வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் நாற்றம் வீசுவது இதன் முதல் அறிகுறி. துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்த கார்ப்பரேட்டர் உடலில், நீரோடு சேர்ந்த எத்தனால் வெண்பொடி படியுமாறு அரிக்கிறது. நெடுநாள் டேங்கில் ஒட்டியிருந்த பிசினையும் துருவையும் அது கரைத்துக் கிளப்பிவிடுவதால், கலவைக்கு மாறிய புதிதில் பில்டர் அடைத்துக்கொள்வதுண்டு. இக்காரணத்தால் நிற்கும் வண்டிக்கு ஒரு புதுப் பில்டரே மருந்து.

2023 ஏப்ரல் முதல் நம் நாட்டில் செய்யப்படும் பெட்ரோல் வண்டிகளின் ரப்பரும் உலோகமும் இருபது சதவீதக் கலவையைத் தாங்குமாறு அமைகின்றன. 2025 ஏப்ரல் முதல் அவற்றின் யந்திரமும் அதற்கே ஒழுங்குபடுத்தப்படுகிறது. அதற்கு முற்பட்ட வண்டியை உடையவர் செய்ய வேண்டுவது, எண்ணெய்க் குழாய், ஓ-ரிங், மிதவை ஊசி ஆகிய சிறு உறுப்புகளை, எத்தனாலைத் தாங்கும் ரப்பரால் ஆனவையாகக் கேட்டு வாங்கி மாற்றிவிடுவதும், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால் கார்ப்பரேட்டரை வடித்து வைப்பதுமே ஆகும்.

புகைக் கணக்கு

இதுவரை அந்தப் பிராணவாயு அணுவினால் வந்த நஷ்டங்களையே மிகுதியாகக் கண்டோம். புகைக்குழாயின் வாயில் அது தன் கடனைத் தீர்க்கிறது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு, கரி எரியும்போது பிராணவாயு போதாமையால் பிறப்பது. எரிபொருளே பிராணவாயுவைக் கொண்டுவருமாயின் அப்பற்றாக்குறை குறையும். நிதி ஆயோக் அறிக்கையின்படி, 20 சதவீதக் கலவையால் இவ்வாயு இரு சக்கர வண்டிகளில் ஏறத்தாழ பாதியாகவும், கார்களில் சுமார் 30 சதவீதமும் குறைகிறது. எரியாது தப்பும் எண்ணெய் ஆவி 20 சதவீதம் குறைகிறது. இரு சக்கர வண்டியில் பயன் மிகுதியாயிருப்பதன் காரணத்தை முன் பகுதியிலேயே கண்டோம்: எரிபொருள் மிகுந்து, காற்று போதாமல் ஓடிய யந்திரமே இதனால் அதிகம் திருந்துகிறது. உணரியும் வினையூக்கியும் கொண்ட புதிய கார் ஏற்கனவே சுத்தமாயிருப்பதால், அதில் திருந்துவதற்கு மிச்சம் குறைவு.

நைட்ரஜன் ஆக்ஸைடுகளில் இத்தகைய தெளிவான விளைவு இல்லை. அவை சிலிண்டரின் உச்ச வெப்பத்தில் பிறப்பவை. எத்தனாலின் குளிர்ச்சி அவ்வெப்பத்தைத் தணிக்கிறது. கலவை சற்று லீனாவதோ அவை பிறக்க வசதி செய்கிறது. இரண்டில் எது வெல்லும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அசெட்டால்டிஹைடு என்னும் கண்ணெரிச்சல் தரும் பொருளோ கலவையால் கூடவே செய்கிறது; எத்தனால் முற்றும் எரியாமல், தன் ஜலவாயு அணுக்களில் இரண்டை மட்டும் இழந்து நின்றுவிட்டால் அதுவே இப்பொருளாகும். வினையூக்கி சூடேறிய பின் இதைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. குளிர்ந்த யந்திரம் கிளம்பும் முதல் சில நிமிடங்களில்தான் அது தப்பி வெளியேறுகிறது.

கரியமில வாயுவைப் பற்றி மிகப் பலர் மயங்குகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோவும், ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் சுமார் 1.5 கிலோவும் வெளிவரும் என்பது உண்மை. ஆனால் லிட்டருக்கு வெப்பமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைகிறது. ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு வெளிவரும் கரியமில வாயு, பெட்ரோலில் 72 கிராம் என்றால் எத்தனாலில் 71 கிராம். நம் ஸ்கூட்டர் பொள்ளாச்சிக்குச் செல்கையில், அதன் புகைக்குழாயிலிருந்து வெளிவரும் கரியமில வாயு இரண்டு எரிபொருளிலும் அநேகமாக ஒன்றே. வித்தியாசம் முழுவதும், அந்தக் கரி எங்கிருந்து வந்தது என்பதில் அடங்கியிருக்கிறது: பெட்ரோலின் கரி பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்கடியில் கிடந்தது, எத்தனாலின் கரி, சென்ற ஆண்டு ஒரு கரும்பின் இலை காற்றிலிருந்து எடுத்தது.

ஆதலால் எத்தனாலின் நன்மையைப் புகைக்குழாயில் அளக்க முடியாது; கழனியில்தான் அளக்க வேண்டும். அதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதுமில்லை. 1912-ல் கோவையில் நிறுவிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், சார்லஸ் பார்பரும் அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் காட்டுக் கரும்பையும் தடித்த கரும்பையும் கலப்புறச் செய்து உண்டாக்கிய இனங்களே இந்தியக் கரும்பு வேளாண்மையை மாற்றின. கோவையின் பெயரை முன்னெழுத்தாகத் தாங்கிய ‘கோ’ வகைகள் இன்றும் நாடெங்கும் பயிராகின்றன. ஒரு டன் கரும்பின் சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் சுமார் 70 லிட்டர் கிடைக்கும். சர்க்கரையை எடுத்துக்கொண்டு, கடைசியில் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து மட்டும் வடித்தால் சுமார் 10 லிட்டரே கிடைக்கும். கழிவுப்பாகு எப்படியும் கிடைப்பது. அந்த 10 லிட்டருக்கெனத் தனியாக ஒரு வயலும் நீர் குடிக்கவில்லை. சாற்றிலிருந்து நேரே வடிக்கும் எத்தனாலுக்கோ, லிட்டருக்குச் சுமார் 2,860 லிட்டர் நீர் செலவாவதாக அதே நிதி ஆயோக் அறிக்கை கணக்கிடுகிறது. ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடியைத் தொட்டும் வறண்டுபோகும் கொங்கு நாட்டு உழவருக்கு அந்த எண்ணின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. உரத்திலிருந்து எழும் வாயுக்களும், வடிசாலையின் கொதிகலனில் கரும்புச் சக்கை எரிகிறதா நிலக்கரி எரிகிறதா என்பதும் இக்கணக்கில் சேர வேண்டியவை. எனவே ‘எத்தனால் நல்லதா’ என்ற கேள்விக்கு, எதிலிருந்து, எந்த நீரில், எந்த நெருப்பில் வடித்தது என்று அறியாமல் விடை கூற இயலாது.

விலையிலும் நேர்மை வேண்டும். எண்ணெயை நாம் லிட்டரில் வாங்குகிறோம். வண்டியோ அதை வெப்பத்தில் செலவிடுகிறது. லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால், தூய பெட்ரோலில் ஒரு மெகாஜூல் 3 ரூபாய் 13 காசு. 20 சதவீதக் கலவை அதே விலைக்கு விற்றால் 3 ரூபாய் 36 காசு. கலவைக்கு வரிச் சலுகை அளித்து இவ்விழப்பை நுகர்வோருக்கு ஈடுசெய்யலாம் என்ற யோசனை நிதி ஆயோக் அறிக்கையிலேயே இருக்கிறது. அயல்நாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பணம் மிஞ்சுவதும், கரும்பு உழவருக்குப் பாக்கி குறைவதும், நகரத்துக் காற்றில் நச்சு வாயு தணிவதும் நாட்டுக்கு வரும் ஆதாயங்கள்; மைலேஜ் குறைவதும், ரப்பர் மாற்றுவதும் தனி மனிதருக்கு வரும் செலவுகள். அவற்றில் பெரும்பகுதியை ஏற்பவர் 2023-க்கு முந்திய வண்டியை வைத்துப் பிழைக்கும் எளியவர். ஆகவே ஒவ்வொரு பங்கிலும் விலைக்கு அருகே, கலப்பின் விகிதத்தையும் ஒரு லிட்டருக்குள்ள வெப்பத்தையும் எழுதி வைத்து, அவ்வெப்பத்துக்கேற்ற விலையை நிர்ணயிப்பதே, இத்திட்டத்துக்கும் அதை நடத்திச் செல்லும் மக்களுக்கும் செய்யும் நியாயமாகும்.